மஞ்சள் சுவர் ஒன்றை டைலாக்கியது: வெளிச்சச் சரிவும் ஓர இணைப்பும் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

புதுச்சேரியில் பழைய வீடு ஒன்றைப் புதுப்பிக்கும் வேலைக்காக, அந்த வீட்டையும் அதன் தெருவையும் முப்பரிமாணத்தில் காட்டும் பொறுப்பு மூன்று பேர் கொண்ட குழுவிடம் வந்தது. ஒருவர் புகைப்படம் எடுப்பவர், ஒருவர் மாடலின் பரப்பில் போர்த்தும் படமான டெக்ஸ்சரைச் செய்பவர், மூன்றாமவர் மாடலிங் பார்த்துக் குழுவையும் நடத்தியவர். வீடு கடற்கரைச் சாலைக்கு இணையாக வடக்கு தெற்காக ஓடும் தெரு ஒன்றில், கிழக்குப் பார்த்து நிற்கிறது. தெருவோரச் சுவர் ஏறத்தாழ 14 மீட்டர் நீளம், 5 மீட்டர் உயரம். சுண்ணாம்புக் காரையின் மேல் மஞ்சள் பூச்சு, விளிம்புகளில் வெள்ளைப் பட்டை.

வீட்டுக்காரர்கள் வலியுறுத்திக் கேட்டது அந்த மஞ்சளைத்தான். பல தடவை சுண்ணாம்பு அடித்து அடித்து ஏறிய நிறம் அது. ஓரிடத்தில் வெளிறியும் ஓரிடத்தில் அடர்ந்தும் இருக்கும். கடையில் கிடைக்கும் ஆயத்த டெக்ஸ்சர்களில் அது இல்லை. ஆகவே அந்தச் சுவரையே படம் எடுத்து, 2 மீட்டருக்கு 2 மீட்டர் அளவில் அடுத்தடுத்து அடுக்கிச் சுவர் முழுவதையும் நிரப்பக்கூடிய 2048 பிக்சல் டைல் ஒன்று செய்வது என்று முடிவானது. ஒரு பிக்சல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். தெருவில் நடந்து போகிற கண்ணுக்கு அது போதும்.

படம் எடுத்த விதம்

கிழக்குச் சுவர் என்பதால் காலை வெயில் நேராக விழும். அப்போது எடுத்தால் பூச்சின் ஒவ்வொரு மேட்டுக்கும் பின்னால் நிழல் பதியும். அந்த நிழலைப் பின்னால் திருத்தி முழுதாக நீக்குவது கடினம், 3டி காட்சியில் வேறு திசையிலிருந்து ஒளி வரும்போது அது பொய்யாகத் தெரியும். எனவே சுவர் முழுக்க நிழலுக்குள் வந்த பிறகு, மாலை 4 மணியளவில் எடுத்தார்கள்.

தரையிலிருந்து அரை மீட்டருக்குச் சற்று மேல் வரை சுவரில் ஈரம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு உதிர்ந்திருந்தது. கடலோரத்துப் பழைய சுவர்களில் இது வழக்கம். அந்தப் பகுதி டைலுக்குள் வந்தால் மேல்மாடி உயரத்திலும் உப்புப் பூத்ததாகக் காட்டும். அதனால் 65 செ.மீ. உயரத்துக்குமேல் உள்ள 2.4 மீட்டரை மட்டும் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். முழுச்சட்ட கேமரா, 50 மி.மீ. லென்ஸ், சுவரிலிருந்து 5 மீட்டர் தூரம். ட்ரைபாடை 1.85 மீட்டர் வரை உயர்த்தி, கேமராவை மேலே சாய்க்காமல் மட்டமாக வைத்தார்கள். சாய்த்திருந்தால் மேல்பக்கம் குறுகும். மென்பொருளில் அதை நிமிர்த்தலாம், ஆனால் மேல்பகுதியின் பொருக்குகள் இழுபட்டு மங்கலாகிவிடும்.

எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல். சுவரில் அளவுநாடா தொங்கவிட்டு ஒரு படம், நிறத்தைச் சரிபார்க்கும் சாம்பல் அட்டையான கிரே கார்டு வைத்து ஒரு படம், இரண்டும் இல்லாமல் ஒரு படம் என எடுத்தார்கள். 6000க்கு 4000 பிக்சல் படத்தில் ஒரு பிக்சல் 0.6 மி.மீ. என்பது நாடாவை வைத்து உறுதியானது. லென்ஸ் ஓரங்களில் வரும் கருமையை, அந்த லென்ஸுக்கு உரிய புரொஃபைலைக் கொண்டு ராவைத் திறக்கும்போதே நீக்கினார்கள்.

முதல் டைலில் தெரிந்தது

டெக்ஸ்சர் செய்பவர் படத்திலிருந்து ஒரு சதுரத்தை வெட்டி, கிம்ப் மென்பொருளின் `Layer → Transform → Offset` மூலம் பாதி அகலம், பாதி உயரம் நகர்த்தினார். ஓரங்கள் நடுவுக்கு வந்து கூட்டல் குறி போலக் கோடு தெரிந்தது. ஹீலிங் பிரஷ்ஷால் அந்தக் கோட்டை மறைத்தார். அருகில் வைத்துப் பார்த்தபோது இணைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

14 மீட்டர் சுவரில் போட்டதும் நிலைமை வேறாக இருந்தது. இரண்டு மீட்டருக்கு ஒரு தடவை, குறுக்கே ஒரு மங்கலான பட்டை. கூர்மையான கோடு எங்கேயும் இல்லை, ஆனால் தெருவின் மறுகோடியிலிருந்து பார்த்தால் சுவர் படிக்கட்டு மாதிரி வெளிச்சம் மாறிக்கொண்டே போனது. இந்த வேலையில் மிக அதிகம் நேர்வது இதுதான். ஹீலிங் பிரஷ் இணைப்பின் இருபுறமும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தை நீக்குவதில்லை, சில சென்டிமீட்டர் அகலத்துக்குப் பரப்பிவிடுகிறது. கோடு போய் பள்ளம் வருகிறது. கிட்டே வைத்து மட்டும் பார்த்தால் வேலை முடிந்துவிட்டதாகவே தோன்றும்.

அளந்து பார்த்தபோது காரணம் தெளிவானது. படத்தை ஒளியின் அளவுக்கு நேர்விகிதமான லீனியர் மதிப்புகளுக்கு மாற்றி, மேலே உள்ள பத்தில் ஒரு பங்குப் பட்டையின் சராசரியைக் கீழே உள்ள பட்டையின் சராசரியோடு ஒப்பிட்டார்கள். பச்சைச் சேனலில் மேல்பட்டை 0.41, கீழ்ப்பட்டை 0.33. கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு அதிகம். சிவப்பில் வித்தியாசம் இதைவிடக் குறைவு, நீலத்தில் இன்னும் அதிகம்.

மூன்று சேனலும் மூன்று விதமாகச் சரிந்ததற்குத் தெருவின் அமைப்பே காரணம். சுவரின் மேல்பகுதி வானத்தைப் பார்க்கிறது, அதனால் நீல ஒளி கூடுதலாகப் பெறுகிறது. கீழ்ப்பகுதி தெருவையும் எதிர்வீட்டையும் பார்க்கிறது. மாலையில் இந்தச் சுவர் நிழலில் இருக்கும்போது எதிர்ச்சுவர் மேற்கு வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். அதுவும் மஞ்சள். அதன்மேல் பட்ட வெயில் தெறித்து இங்கே விழுகிறது. நிழலில் எடுத்தால் ஒளி சமமாக இருக்கும் என்ற எண்ணம் குறுகலான தெருவில் பலிப்பதில்லை.

வெளிச்சச் சரிவைச் சமன் செய்தது

அதுவரை செய்த ஒட்டுவேலையை விட்டுவிட்டு மூலப்படத்துக்கே திரும்புவது என்று முடிவெடுத்தார்கள். சரிவு இருக்கும்போது ஓரத்தைத் தொட்டால், ஒட்டும் ஒவ்வொரு துண்டும் தன் பழைய இடத்தின் வெளிச்சத்தையும் சுமந்து வரும். சரிவு முதலில், ஓரம் பிறகு.

முதலில் எல்லோரும் செய்யும் வழியைப் பார்த்தார்கள். படத்தின் நகல் ஒன்றை நன்றாக மங்கலாக்கி, மூலத்தை அதனால் வகுத்து, சராசரியால் பெருக்குவது. கழிக்காமல் வகுப்பதற்குக் காரணம் உண்டு. கேமராவுக்கு வருவது சுவரின் நிறமும் அதன்மேல் விழும் ஒளியும் பெருக்கப்பட்ட மதிப்பு. ஒளியை நீக்க வேண்டுமானால் வகுக்கத்தான் வேண்டும். கழித்தால் வெளிச்சமான பக்கத்தில் பொருக்குகளின் கான்ட்ராஸ்ட் கூடுதலாகவும் இருட்டுப் பக்கத்தில் குறைவாகவும் தங்கிவிடும்.

காஸியன் மங்கல் 60 பிக்சல் ஆரத்தில் போட்டபோது சரிவு போனது. கூடவே சுவரின் உயிரும் போனது. அந்த ஆரம் சுவரில் 4 செ.மீ. கூட வராது. அதைவிடப் பெரிதாக இருந்த வெளிறல், அடர்வு எல்லாவற்றையும் வெளிச்சம் என்று எண்ணி அது அழித்துவிட்டது. மிஞ்சியது அட்டைப்பெட்டி போல ஒரே மாதிரியான மஞ்சள். கறைகளைச் சுற்றி வெளிறிய வளையமும் வந்தது. மங்கலான நகலில் கறையின் கருமை வெளியே பரவியிருக்கும், அந்தச் சிறிய எண்ணால் வகுத்த இடமெல்லாம் வெளிச்சம் கூடும். இந்த வளையம் தெரிந்தால் ஆரம் போதவில்லை என்று பொருள். ஆரத்தை 600 பிக்சலாக உயர்த்தியபோது வளையம் மறைந்தது, ஆனால் படத்தின் ஓரங்களில் திருத்தம் தவறியது. ஓரத்துக்கு வெளியே படம் இல்லாததால் மங்கல் கடைசி வரிசையையே திரும்ப எடுத்துக்கொள்கிறது. டைலுக்கு மிக முக்கியமான இடம் ஓரம்தான்.

எனவே வேறு வழிக்குப் போனார்கள். ஒளியின் சரிவு மெதுவாக மாறுவது. இரண்டாம் படிப் பல்லுறுப்புக் கோவை ஒன்று அதை ஏறக்குறைய முழுதாகப் பிடித்துவிடும், கையகலக் கறையைப் பிடிக்கும் அளவுக்கு அதனால் வளைய முடியாது. மடக்கை எடுத்தால் பெருக்கல் கூட்டலாகிவிடும், சாதாரண மீச்சிறு வர்க்கப் பொருத்தமே போதும். கறைகளும் பழைய சிமென்ட் ஒட்டுத் திட்டும் கணக்கைக் கெடுக்காமல் இருக்க, அவற்றை மாஸ்க்கால் விலக்கினார்கள்.

```python
import numpy as np

def terms(h, w):
    y, x = np.mgrid[-1:1:h*1j, -1:1:w*1j]
    return [np.ones_like(x), x, y, x*x, x*y, y*y]

# small: எட்டில் ஒரு பங்கு நகல், full: முழுப் படம்; இரண்டும் லீனியர்
# mask: கறை இல்லாத இடங்களில் True
A = np.stack(terms(*small.shape[:2]), -1)
for c in range(3):
    L = np.log(small[..., c][mask])
    k = np.linalg.lstsq(A[mask], L, rcond=None)[0]
    fit = sum(ki * t for ki, t in zip(k, terms(*full.shape[:2])))
    full[..., c] *= np.exp(fit.mean() - fit)
```

பொருத்தத்தைச் சின்ன நகலில் செய்தது நினைவகத்தை மிச்சப்படுத்த. ஆயங்கள் −1 முதல் 1 வரை ஓடுவதால் அதே கெழுக்கள் முழுப் படத்துக்கும் பொருந்தும்.

இதை முதலில் ஒளிர்வுக்கு மட்டும் செய்து பார்த்தார்கள். பட்டைகள் ஏறக்குறைய மறைந்தாலும் ஒவ்வொரு டைலின் தலையிலும் நீலச்சாயல், காலில் காவிச்சாயல் எஞ்சியது. அதனால்தான் மேலே உள்ளபடி மூன்று சேனல்களுக்கும் தனித்தனியாகச் செய்தார்கள். சேனல் வாரியான திருத்தத்தில் ஓர் ஆபத்து உண்டு. சுவரின் நிறமே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெதுவாக மாறியிருந்தால் அதுவும் அழிந்துவிடும். இங்கே பாசியும் உப்பும் உள்ள அடிப்பகுதியை முன்பே வெளியே விட்டிருந்ததால் அந்தக் கவலை எழவில்லை.

திருத்தத்துக்குப் பின் மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு பட்டைகளின் சராசரிகளும் ஒரு சதவீதத்துக்குள் வந்தன. குழு தனக்கு வைத்துக்கொண்ட வரம்பும் அதுதான்.

ஓரங்களை இணைத்தது

முடிவில் வேண்டியது 2 மீட்டர், அதாவது 3333 பிக்சல். வெட்டியது 3750. மிச்சமுள்ள 417 பிக்சல், சுமார் 25 செ.மீ., இணைப்புக்கான மேலேற்றம். வலது ஓரத்துப் பட்டையை இடது ஓரத்துப் பட்டையின்மேல் வைத்து, இரண்டையும் ஒன்றாக்க வேண்டும்.

ஒன்று மெல்ல மறைய மற்றொன்று மெல்லத் தோன்றும்படி கலப்பது எளிய வழி. காரைச் சுவருக்கு அது ஒத்துவரவில்லை. தொடர்பில்லாத இரண்டு பொருக்குகளைப் பாதிக்குப் பாதி கலந்தால், ஏற்ற இறக்கத்தின் திட்டவிலக்கம் 71 சதவீதமாகக் குறைகிறது. நிறம் சரியாக இருந்தும் அந்தப் பட்டை மட்டும் வழவழப்பாகத் தெரியும். தெரு விளக்கு பக்கவாட்டில் விழும் இரவுக் காட்சியில் அது அப்பட்டமாகத் தெரிந்தது.

அதனால் கலக்காமல் வெட்டினார்கள். எஃப்ரோஸும் ஃப்ரீமனும் 2001இல் வெளியிட்ட முறையின் அடிப்படை இது. இரண்டு பட்டைகளையும் பிக்சல் பிக்சலாகக் கழித்து, வர்க்கமாக்கி, மேலிருந்து கீழே வித்தியாசம் மிகக் குறைவாகக் கூடும் பாதையைக் கண்டுபிடிப்பது. பாதைக்கு ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் மற்றது. பாதை நெளிந்து நெளிந்து, இரண்டும் ஏற்கெனவே ஒத்திருக்கும் இடங்கள் வழியாகவே போகும். வெட்டின்மேல் 4 பிக்சல் மட்டும் மென்மையாக்கினார்கள்.

விரிசல்களை இந்த முறையால் காப்பாற்ற முடியாது. மேலேற்றப் பட்டைக்குள் விரிசல் நுழைந்தால் வெட்டுப் பாதையில் அது திடீரென்று அறுந்து நிற்கும். ஒரு மயிரிழை விரிசல் அப்படி வந்தது. சதுரத்தை 9 செ.மீ. தள்ளி வெட்டியதும் விரிசல் முழுக்க டைலின் உள்ளே அடங்கியது. சட்டம் 3.6 மீட்டர் அகலம் இருந்ததால்தான் இப்படித் தள்ள இடம் கிடைத்தது.

இடம் வலம் முடிந்த பிறகு மேல் கீழ். இந்த இரண்டாவது வெட்டில் கவனம் வேண்டும். படம் இப்போது பக்கவாட்டில் ஏற்கெனவே சுற்றி இணைகிறது. இடமிருந்து வலம் ஓடும் பாதை இடது ஓரத்தில் 200ஆவது வரிசையில் தொடங்கி வலது ஓரத்தில் 260ஆவது வரிசையில் முடிந்தால், டைலை அடுத்தடுத்து வைக்கும்போது அந்த 60 வரிசை உயரத்துக்கு ஒரு சிறிய நேர்க்கோடு தெரியும். பாதை தொடங்கிய வரிசையிலேயே முடிய வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதும் அது நின்றது.

எஞ்சிய ஓரிரு இடங்களைக் குளோன் பிரஷ்ஷால் தொட்டார்கள். பாதி நகர்த்திய நிலையில் கூட்டல் குறியின் நான்கு நுனிகளும் படத்தின் ஓரத்தைத் தொடுகின்றன. அங்கே பிரஷ் பட்டால் எதிர் ஓரத்தில் அதே மாற்றம் நடக்காது, சரியாக இருந்த இணைப்பு உடையும். நுனிப் பகுதியை விட்டுவிட்டு, படத்தை இன்னொரு தடவை கால் பங்கு நகர்த்தி, அவை உள்ளே வந்த பிறகு திருத்தினார்கள்.

திரும்ப வந்த கோடு

3333 பிக்சலை 2048ஆகச் சுருக்கி, லேசாக ஷார்ப்பன் செய்து காட்சியில் போட்டதும், இரண்டு மீட்டருக்கு ஒரு மெல்லிய வெளிர்கோடு. முன்பு இருந்த பட்டை மாதிரி இல்லை, ஒரு பிக்சல் அகலம்தான். இந்தக் கோடு தூரத்தில் மறைந்து கிட்டே வரும்போது தெரிந்தது. முதலில் பார்த்த பட்டைக்கு நேர் எதிர். அந்த வித்தியாசத்தை வைத்தே, பிழை வெளிச்சத்தில் இல்லை, கடைசி வரிசைகளில் இருக்கிறது என்று புரிந்துகொண்டார்கள்.

சுருக்கும் ஃபில்ட்டரும் ஷார்ப்பன் ஃபில்ட்டரும் ஒவ்வொரு பிக்சலுக்கும் அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கணக்கிடுகின்றன. ஓரத்தில் பக்கத்து டைல் அங்கே வரும் என்று அவற்றுக்குத் தெரியாது. டைலை மூன்றுக்கு மூன்றாக அடுக்கி, 9999 பிக்சல் படத்தை 6144ஆகச் சுருக்கி, ஷார்ப்பன் செய்து, நடுவில் உள்ள 2048 சதுரத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். கோடு போனது. பரப்பின் மேடுபள்ளத்தைச் சொல்லும் நார்மல் மேப்பையும் இதே அடுக்கிலிருந்தே உருவாக்கினார்கள். நிறப்படம் சுத்தமாக இருந்தும் நார்மல் மேப்பில் மட்டும் கோடு வருவது இதே காரணத்தால்தான். ஒளி பக்கவாட்டில் விழும் வரை அது கண்ணில் படாது.

கறைகள்

நான்குக்கு நான்காக அடுக்கி, 256 பிக்சலுக்குச் சுருக்கி, கான்ட்ராஸ்டைக் கூட்டிப் பார்த்தபோது இரண்டு புள்ளிகள் வரிசை வரிசையாக எழுந்தன. ஒன்று ஆணியிலிருந்து துரு வழிந்த 12 செ.மீ. கறை, மற்றொன்று பழைய சிமென்ட் ஒட்டின் சாம்பல் திட்டு. இரண்டையும் அதே டைலின் வெறும் பகுதியைக் கொண்டு மூடினார்கள். துருக்கறையைத் தூக்கி எறியாமல் டைலின் மேலே ஒட்டும் தனிப் படமான டெக்காலாக வெட்டி வைத்து, ஜன்னல் கம்பிக்குக் கீழே, உண்மையான சுவரில் இருந்த இடத்தில் ஒட்டினார்கள். வெளிறலும் அடர்வும் அப்படியே விடப்பட்டன. அவை மிகவும் பரந்தவை, கண் அவற்றை ஒரு தனி உருவமாகப் பிடிப்பதில்லை.

விளைவு

தெருக்காட்சியில் 14 மீட்டர் சுவர் ஒரே சுவராக நின்றது. வீட்டுக்காரர்களில் மூத்தவர் திரையைப் பார்த்து, "இது நம்ம வாசப்பக்கத்துச் சுவருதானே, துருக்கூட அங்கயேதான் இருக்கு" என்றார். மேல்மாடிப் பால்கனியிலிருந்து சாய்வாகப் பார்க்கும் ஒரே கோணத்தில், டைலின் திரும்பல் இன்னும் லேசாகத் தெரிகிறது. அந்தக் கோணத்தில் ஒரே சமயத்தில் ஏழு டைல்கள் குறுகலான இடத்துக்குள் வந்துவிடுகின்றன. அதற்கு ஒற்றை டைலில் தீர்வு இல்லை.

அடுத்த முறை மாறுபவை

படம் எடுக்கும் நேரத்தை மாற்றப்போகிறார்கள். சூரியன் எழுவதற்குச் சற்று முன், எதிர்ச்சுவரில் வெயில் படாத நேரத்தில், வானத்தின் ஒளி மட்டுமே கிழக்குச் சுவரில் விழும். ட்ரைபாட் இருப்பதால் எக்ஸ்போஷர் நீண்டாலும் பாதகமில்லை. மேலிருந்து கீழே சரிவு அப்போதும் இருக்கும், ஆனால் தெறித்து வரும் மஞ்சள் இருக்காது. நிறச்சரிவு குறைந்தால் சேனல் வாரியாகச் செய்யும் திருத்தமும் குறையும், சுவரின் சொந்த நிறம் அந்த அளவுக்குக் காப்பாற்றப்படும். ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டமும் நல்லதுதான். ஆனால் ஈரச் சுண்ணாம்பு அடர்ந்து தெரியும், மழை விட்டுச் சுவர் முழுதாகக் காய்ந்த பிறகே எடுக்க வேண்டும்.

பால்கனிக் கோணத்துக்காக, அதே சுவரின் இன்னொரு பகுதியிலிருந்து இரண்டாவது டைல் செய்யப்போகிறார்கள். இரண்டையும் ஒரு பரந்த மாஸ்க்கால் மாற்றி மாற்றிக் காட்டினால் ஏழு டைல்களின் வரிசை உடையும். அதற்கு இரண்டு படங்களும் ஒரே கிரே கார்டு அளவுக்குக் கொண்டுவரப்பட வேண்டும். 18 சதவீத கார்டு இரண்டிலும் எஸ்ஆர்ஜிபி மதிப்பில் 118க்கு அருகே நின்றால், டைல்களுக்கு இடையே நிறம் குதிக்காது.